மகள் பாடிய கேசட்: குரல் ஏன் கீச்சென்று கேட்கிறது?

*ஐயா, எனக்கு வயது 74. ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்ப் பக்கம். பரணைச் சுத்தம் செய்தபோது ட்ரங்குப் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே என் மனைவியின் கையெழுத்தில் மகள் பெயரும் 'பாட்டு' என்றும் எழுதியிருந்தது. மனைவி காலமாகி ஆறு வருடமாகிறது. மகள் ஒன்பது, பத்து வயதில் பாட்டு வகுப்பில் கற்றதை வீட்டில் பதிந்திருக்கிறார்கள். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தெரிந்தவரிடம் பிளேயர் வாங்கிப் போட்டேன். சுருதிப் பெட்டி கேட்டது, மகள் குரலும் கேட்டது. ஆனால் கீச்சென்று, அவசரமாகப் பாடுவதுபோல். இரண்டு நிமிடத்தில் டேப் உள்ளே சிக்கிக்கொண்டது, நிறுத்திவிட்டேன். மகள் கோவையில் இருக்கிறாள். பத்தாம் வகுப்பில் அவள் பாட்டை நிறுத்தியது நான்தான். பிறகு கல்யாண விஷயத்திலும் மனஸ்தாபம். பொங்கல், தீபாவளிக்கு ஃபோன் செய்வாள். 'உடம்பு எப்படி இருக்கு' என்பதோடு சரி. இதை நன்றாகச் சுத்தம் செய்து அவளுக்கு அனுப்ப ஆசைப்படுகிறேன். டேப் கெட்டுவிட்டதா? குரலைச் சரிசெய்ய முடியுமா? எப்படி அனுப்புவது?*

ஐயா, வணக்கம். டேப் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. சிக்கியவுடன் நிறுத்தினீர்களே, அதுவே பாதி வைத்தியம். பலர் இந்த இடத்தில் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தி, அரை மீட்டர் டேப்பைக் கொடிக்கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வருவார்கள்.

கேசட் இன்னும் பிளேயருக்குள்ளேயே இருந்தால் இழுக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூடியைத் திறந்து, கேசட்டை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தூக்குங்கள். டேப் எங்கே சுற்றியிருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒரு ரப்பர் உருளையும் அதை ஒட்டி நிற்கும் மெல்லிய இரும்புத் தண்டும் இருக்குமே, அங்கேதான். உருளையை விரலால் பின்பக்கமாக உருட்டினால் சுற்று ஒவ்வொன்றாக அவிழும். வெளியே எடுத்தபின், கசங்கிய பகுதியைச் சுத்தமான பருத்தித் துணியில் வைத்து விரலால் மெதுவாக நீவிவிடுங்கள். பிறகு ஆறுபட்டைப் பென்சிலைக் கேசட்டின் பல்சக்கரத்தில் விட்டு, டேப்பை உள்ளே சுற்றுங்கள். சுற்றும்போது டேப் முறுக்கிக்கொள்ளாமல், வழவழப்பான பக்கம் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். இஸ்திரிப் பெட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. டேப்பின் அடித்தளம் பாலியெஸ்டர், சூடு பட்டால் சுருங்கி நெளிந்துவிடும். கசங்கிய இடத்தில் ஓரிரு நொடி ஒலி மங்கித் தெளியும், அவ்வளவுதான் நஷ்டம்.

அந்தப் பிளேயரில் மறுபடி போட வேண்டாம். டேப்பைத் தின்னும் பிளேயர்களில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். தண்டும் உருளையும் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் தள்ளப்பட்ட டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பக்கம் சுழலாது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தார் மாதிரி உருகியிருக்கும். எந்தப் பிளேயரானாலும் முதலில் தூக்கிப்போடத் தயாராக இருக்கும் ஒரு கேசட்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடி வழியே சக்கரம் சீராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். தயங்கித் தயங்கிச் சுழன்றால் அந்தப் பிளேயர் வேண்டாம்.

இன்னொன்றையும் உடனே பார்த்துவிடுங்கள். டேப் தெரியும் விளிம்புக்கு எதிர்ப்பக்க விளிம்பில், இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரம் ஒவ்வொன்று இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் துண்டு அப்படியே இருந்தால், ரெக்கார்ட் பட்டனில் கை தவறிப் பட்டாலும் பாட்டு அழிந்துவிடும். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டையும் நெம்பி உடைத்துவிடுங்கள். அங்கே செலோடேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேல் வீட்டில் பதிந்தவர்கள் செய்த வேலை அது.

இனி, கீச்சுக் குரல். இது கொஞ்சம் நீளமான விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்ததும் இதுதான்.

கேசட்டில் டேப் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதியும்போதும் அதே வேகம், கேட்கும்போதும் அதே வேகம் என்றால்தான் குரல் குரலாக இருக்கும். இப்போது வேகமாகக் கேட்கிறது என்றால் இரண்டில் ஒன்று. இன்றைய பிளேயர் வேகமாக ஓடுகிறது அல்லது அன்று பதிந்தபோது டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. முதலாவதைச் சோதிப்பது சுலபம். ஏதாவது ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, அதே பாட்டை ஃபோனிலும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். பல்லவி முடிவதற்குள் கேசட் முந்திக்கொண்டு போனால் குற்றம் பிளேயர் மேல். இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே போனால் கோளாறு அன்றைய பதிவில்.

அன்றைய பதிவில் என்றால், என் அனுபவத்தில் பத்துக்கு ஏழெட்டு, பேட்டரிதான். வீட்டில் டூ இன் ஒன் இருந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரமாக இருக்கலாம், பிளக் இருக்கும் இடத்தில் இரைச்சலாக இருந்ததால் பின்கட்டுக்குத் தூக்கிப் போயிருக்கலாம். பேட்டரி தீரத் தீர ஒரு கட்டம் வரைக்கும் மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். அதைத் தாண்டினால் வேகம் இறங்கும். மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்த குரலை இன்று முழு வேகத்தில் போட்டால் கீச்சென்றுதான் வரும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. பேட்டரி பாட்டு முடியும்வரை தீர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா? அதனால் தொடக்கத்தைவிட முடிவில் கீச்சு அதிகமாக இருக்கும். சுருதிப் பெட்டி போட்டுப் பாடியிருந்தால் இதைப் பிடிப்பது இன்னும் எளிது. பெட்டியின் சுருதி தானாக ஏறாது. டேப்பில் ஏறுகிறது என்றால் ஏறுவது வேகம்தான்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். கரண்ட்டில் பதிந்திருந்தால் டேப்பின் அடியில் மெல்லிய 'ம்ம்ம்' ஓசை ஒன்று ஒட்டியிருக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. அந்தக் காலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றாலும், அது 53 என்று காட்டினால் ஆறு விழுக்காடு அதிகம் என்று கணக்குப் போட்டுக் குறைத்துவிடலாம். பேட்டரியில் பதிந்ததில் அந்த ஓசையே இருக்காது. அப்போது வேறொரு சாட்சி வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். உங்கள் வயதையொத்த ஒரு பெரியவர் கொஞ்ச காலம் முன்பு இதே மாதிரி ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிடுகிறேன். மகள் பெங்களூரில். அவர்களுக்குள்ளும் பேச்சு சுருங்கிப் போயிருந்தது. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 90 நிமிடக் கேசட் அது. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பழைய பாட்டுகளைப் பதிந்து வாங்கியது. பி பக்கத்தின் கடைசியில் மிச்சமிருந்த இடத்தில் மகளின் பாட்டு ஒன்று. அதை மட்டும் வெட்டி எடுத்து, இரைச்சலை நீக்கி, 'சிடி மாதிரி' ஆக்கிக் கொடுக்கச் சொன்னார். மகளின் பிறந்தநாளுக்கு அனுப்புவதாகத் திட்டம்.

டேப்பைப் போட்டுக் கேட்டேன். சுருதிப் பெட்டியின் கீழ் ஸட்ஜம் தொடக்கத்தில் 204 ஹெர்ட்ஸ், முடிவில் 210. பாடகரின் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்வோம், அதில் ஐந்தரைக் கட்டைக்கு ஏறத்தாழ 208. அதாவது கேட்பவருக்கு ஐந்தரைக் கட்டையில் பாடுவது மாதிரியே இருக்கும், கொஞ்சம் ஆடிக்கொண்டு. என் கேசட் டெக்கின் வேகத்தைச் சோதனைக் கேசட் போட்டுச் சரிபார்த்துத்தான் வைத்திருக்கிறேன், அதில் சந்தேகமில்லை. ஆகவே உண்மையான சுருதி டேப்பில் கேட்பதைவிடக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே இருக்க வழியில்லை. பேட்டரி தீர்ந்தால் டேப் மெதுவாகத்தானே ஓடும். ஆனால் ஐந்து கட்டையா, நாலரையா? ஐந்து என்றால் 196, நாலரை என்றால் 185. இரண்டுக்கும் நடுவே குரலின் வயதே மாறிவிடும். ஐந்துக்கு இறக்கினால் பத்து வயதுப் பெண், நாலரைக்கு இறக்கினால் பன்னிரண்டு. காதால் ஊகித்து முடிவு செய்யும் வேலை இல்லை இது.

"உங்கள் மகள் எத்தனை கட்டையில் பாடுவார்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் தெரிந்த ஒருவர் அவர் மனைவி, அவரும் இல்லை. பாட்டு டீச்சரும் காலமாகிவிட்டார். "மகளிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன். "அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றல்லவா நினைத்தேன்" என்றார். கொஞ்சம் ஏமாற்றம்தான். இரண்டு மூன்று நாள் ஃபோனே இல்லை. நானும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்புறம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டார். மகளிடம் கேட்டாராம். சுற்றி வளைக்கவில்லை. "சின்ன வயசுல நீ பாடினது ஒரு கேசட்ல இருக்கும்மா, அப்போ எத்தனை கட்டை உனக்கு?" என்று மட்டும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஐந்து கட்டைப்பா. டீச்சர் நாலரைதான் வைப்பாங்க, அம்மாதான் வீட்ல ஐந்து வைப்பா. எதுல பதிஞ்சது, வீட்லயா வகுப்புலயா?" என்று கேட்டாளாம். இவருக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு பெண் குரல், "சீக்கிரம் பாடு, பேட்டரி தீர்ந்துடும்" என்கிறது. குக்கர் விசில் ஒன்றும் கேட்கிறது. வீடுதான். அதைச் சொன்னேன். அவர் அதை மகளுக்குச் சொல்ல மறுபடி ஃபோன் போட்டார்.

அடுத்து அந்தப் பெண் ஒரு காரியம் செய்தார். அம்மாவின் சுருதிப் பெட்டி அவரிடமே இருந்திருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது அம்மா கொடுத்துவிட்டது, அப்பாவுக்குத் தெரியாது. அதைப் பரணிலிருந்து இறக்கி, துருத்தியில் கிழிந்திருந்த இடத்தை ஒட்டி, ஐந்து கட்டையில் வைத்து அரை நிமிடம் ஃபோனில் பதிந்து அப்பாவுக்கு அனுப்பினார். அவர் எனக்கு அனுப்பினார். அளந்து பார்த்தால் 196-க்கு மிக அருகில். டேப்பில் ஒலித்த அதே பெட்டி! இதைவிட நல்ல சாட்சி எந்த ஒலிக்கூடத்திலும் கிடைக்காது. தொடக்கத்தில் நாலு விழுக்காடும் முடிவில் ஏழு விழுக்காடுமாக, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தேன். டேப்பில் 3 நிமிடம் 20 விநாடி ஓடிய பாட்டு 3 நிமிடம் 31 விநாடி ஆயிற்று. ஓட்டமாக இருந்த பாட்டு நடைக்கு வந்தது.

அதன்பிறகு எனக்கு ஃபோன் செய்தது அப்பா இல்லை, மகள். இரைச்சலை நீக்க வேண்டாம், குக்கரை நீக்க வேண்டாம், அம்மா பேசியதை நிச்சயம் நீக்க வேண்டாம் என்றார். ஏ பக்கத்துச் சினிமாப் பாட்டுகளும் வேண்டுமாம். "அதெல்லாம் அப்பா லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்சது. என்னென்ன பாட்டுன்னு பாக்கணும்" என்றார். பில்லுக்கான பணத்தையும் அவரே அனுப்பிவிட்டார். அப்பா அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டார், அது வேறு கதை. எல்லாம் சரியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ பக்கத்துப் பாட்டுகளைப் பற்றி இரண்டு பேரும் வாக்குவாதம் செய்கிறார்கள் என்று மட்டும் பெரியவர் ஒருமுறை சொன்னார்.

ஐயா, நான் ஒலி வேலை பார்ப்பவன். குடும்ப விஷயத்தில் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் கேசட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். சுத்தம் செய்து, பெட்டியில் போட்டு, பரிசாக அனுப்புவதற்கு முன்னால், உங்கள் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உண்மையாகவே ஒன்று இருக்கிறது. எத்தனை கட்டை? இதை ஒரு சாக்காக நினைக்க வேண்டாம். பேட்டரியில் பதிந்தது என்றால், அவர் சொல்லாமல் இந்த வேலையை யாராலும் சரியாக முடிக்க முடியாது. சுருதி மறந்திருந்தால், என்ன பாட்டு, யார் சொல்லிக்கொடுத்தது, பெட்டி என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து ஒன்று வரும். பத்தாம் வகுப்பில் பாட்டை நிறுத்தியதைப் பற்றி அதே ஃபோனில் பேச வேண்டுமா என்பது உங்கள் முடிவு. அவரே எடுத்தால் மழுப்பாதீர்கள். எனக்குக் கடிதத்தில் எழுதியது போலவே, 'நிறுத்தியது நான்தான்' என்று அவரிடமும் சொல்லலாம்.

'நன்றாகச் சுத்தம் செய்து' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் பொதுவாக எதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்கின்றன? மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை. சுருதிப் பெட்டி வேறென்ன செய்கிறது? கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்தினால் முதலில் காணாமல் போவது சுருதி. குழந்தை அந்தரத்தில் பாடுவதுபோல் ஆகிவிடும், குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் ஃபோனைப் பிடித்து வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பினாலும் இதே ஆபத்து. ஃபோன் தன் பங்குக்குச் சுற்றுப்புற ஓசை என்று நினைத்து அடக்கப் பார்க்கும்.

டூ இன் ஒன்னின் உள் மைக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. சத்தமாகப் பாடினால் தானே ஒலியைக் குறைத்துக்கொள்ளும், பாட்டு நிற்கும் இடத்தில் தானே ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் மூச்சு வாங்கும் இடைவெளியில் காகமும் குக்கரும் பக்கத்து வீட்டுப் பேச்சும் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். பலர் இதைக் குறை என்று வெட்டச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வீட்டுப் பதிவுகளில் கேட்க வேண்டியதே அந்த இடைவெளிகளைத்தான். உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் குரல் அகப்படுவதும் அங்கேதான். ஆகவே பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் வெற்று டேப்பையும் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் முழுக்கப் பதிந்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாராவது உங்கள் தெருவில் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நல்ல நிலையில் உள்ள டெக் ஒன்று வேண்டும். மலிவான யூஎஸ்பி கேசட் பிளேயர்கள் வேண்டாம். அவற்றின் வேகமே ஆடும். ஏற்கெனவே வேகத்தில் சிக்கல் இருக்கும் டேப்புக்கு அது மேலும் குழப்பம். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர் கொடுத்து, Audacity என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். ஒலியின் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். WAV கோப்பாகச் சேமியுங்கள். சுருதியை அளக்க, பெட்டி மட்டும் ஒலிக்கும் ஓரிடத்தைத் தேர்ந்து Analyze மெனுவில் Plot Spectrum திறந்து, Size என்ற எண்ணைப் பெரிதாக வைத்துப் பார்த்தால் எண் தெரியும். திருத்தாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வேகத்தில் கை வைக்க வேண்டும். நாளைக்கு மகள் 'ஐந்து இல்லை, நாலரை' என்று திருத்திச் சொன்னால் மறுபடி மூலத்திலிருந்தே தொடங்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக இணையுங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

போட்டதும் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு காரணம் இருக்கலாம். கேசட்டின் திறந்த பக்கத்தில், நடுவில், செம்புத் தகட்டின் மேல் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிப்பது அதுதான். இத்தனை வருடத்தில் பசை காய்ந்து அது விழுந்திருக்கலாம். அப்படியென்றால் டேப்பை வேறொரு கேசட்டின் கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் ஸ்க்ரூ இருந்தால் திறப்பது எளிது, ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். கம்பளி சரியாக இருந்தும் மந்தம் என்றால், அன்றைய டூ இன் ஒன்னின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கும். இன்றைய டெக்கின் ஹெட்டையும் அதே அளவு சாய்த்தால் 'ச', 'ஸ' எல்லாம் தெளிந்து வரும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்ப்ரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பிச் செய்யும் வேலை அது, தெரிந்த மெக்கானிக்குக் கால் மணி நேரம் போதும்.

கண்ணாடி வழியே பார்க்கும்போது டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்தமாதிரி தெரிந்தால் மட்டும் எதிலும் போடாதீர்கள், ஊதவும் வேண்டாம். அது பூஞ்சை. உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது, போடும் பிளேயரின் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

யாரிடமாவது கொடுத்துச் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். வேகத்தைச் சரிசெய்யாத மூலக் கோப்பும் வேண்டும் என்பது ஒன்று. எதையும் வெட்டக் கூடாது என்பது இன்னொன்று. தபாலில் அனுப்பினால் டேப் தளர்ந்திருக்காமல் பென்சிலால் இறுக்கிச் சுற்றி, அதன் பிளாஸ்டிக் பெட்டியிலேயே போட்டு, மேலே தடிமனாகத் துணி சுற்றி அனுப்புங்கள். உறைக்குள் ஒரு சீட்டும் வையுங்கள். உத்தேசமாக எந்த வருடம் பதிந்தது, எந்தப் பக்கத்தில் பாட்டு, டேப் எந்த இடத்தில் சிக்கியது, மகள் சொன்ன கட்டை எத்தனை. இந்த நாலும் இருந்தால் வேலை செய்பவர் உங்களை அடிக்கடி ஃபோனில் கூப்பிட வேண்டியிருக்காது.